மேடவாக்கம் புராஜெக்டுக்கு லான்ச் பதிவு எழுதுவது: ரெரா எண்ணும் வசதிப் பட்டியலும்

கேள்வி: மேடவாக்கம் பக்கம் 60 பிளாட் உள்ள ஒரு புராஜெக்டுக்கு லான்ச் போஸ்ட் எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் முதலாளி. ரெராவுக்கு அப்ளை பண்ணியாச்சு, நம்பர் எப்படியும் வந்துடும், “ரெரா அப்ளைட்” என்று போட்டு இந்த வெள்ளிக்கிழமையே விட்டுடு என்கிறார். கூடவே நீச்சல்குளம், ஜிம், தனிப் பூங்கா, மெட்ரோ 5 நிமிடம், 24 மணி நேரத் தண்ணீர் என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறார். பொய் இல்லாமல், ஆனால் ஆட்கள் போன் பண்ணும்படி எப்படி எழுதுவது?

பதில்:

வெள்ளிக்கிழமை விடாதீர்கள். முதல் பதில் அதுதான், மற்றதெல்லாம் எண் கையில் வந்த பிறகு. நான் வழக்கறிஞன் இல்லை. சென்னையில் பில்டர் அலுவலகங்களில் விளம்பரத்தையும் அப்ரூவல் கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பல வருடம் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சட்டம் இந்த ஒரு விஷயத்தில் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 3: பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரம் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, புக்கிங் வாங்கக்கூடாது, “வாங்குங்கள்” என்று அழைக்கவும் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் விலக்கு உண்டு. உங்களுடையது 60 வீடு, அதனால் அந்தப் பேச்சே இல்லை.

“அப்ளை பண்ணியாச்சு” என்பது பதிவு ஆகாது. விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் 30 நாளுக்குள் ஆணையம் பதிவு தரவேண்டும் அல்லது மறுக்கவேண்டும் என்று பிரிவு 5 சொல்கிறது, ஆனால் நடைமுறையில் வில்லங்கச் சான்றில் ஒரு குறை, பவர் பத்திரத்தில் ஒரு கேள்வி, வங்கிக் கணக்கு விவரம் விட்டுப்போச்சு என்று கோப்பு ஒருமுறையாவது திரும்பி வரும். அந்த இடைவெளியில்தான் “அப்ளைட்” போஸ்ட்டுகள் பிறக்கின்றன. பதிவு இல்லாமல் விளம்பரம் செய்தால் பிரிவு 59-ன்படி திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் திட்டத்துக்குச் செலவு 25 கோடி என்று வைத்துக்கொண்டால் இரண்டரைக் கோடி வரை. எல்லோருக்கும் உச்ச அபராதம் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முதலாளியிடம் பேச இந்த ஒரு கணக்கு போதும். சட்டம் பேசினால் “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பவர்கள் கோடி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

பேஸ்புக் போஸ்ட் விளம்பரம் ஆகுமா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகுமா என்று அடுத்து கேட்பார். ஆகும். பிரிவு 2-ல் விளம்பரம் என்பதற்கான விளக்கம் எந்த ஊடகம், எந்த வடிவம் என்றாலும் அடங்கும்படி அகலமாக எழுதப்பட்டிருக்கிறது. துண்டுச்சீட்டும் அதில் உண்டு, ரீல்ஸும் உண்டு. சந்தேகத்துக்கு இடம் இருப்பது ஒரே இடத்தில்தான்: திட்டத்தின் பெயர், இடம், விலை எதுவும் சொல்லாமல் “விரைவில் ஒரு அறிவிப்பு” என்று கம்பெனி பெயரை மட்டும் போடும் டீசர். அது விளம்பரம் இல்லை என்று வாதாட முடியும், ஆனால் கீழே “விருப்பம் உள்ளவர்கள் பெயர் பதியுங்கள்” என்று ஒரு வரி சேர்ந்தவுடன் அந்த வாதம் பலவீனமாகிவிடும். டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் வாதமே இல்லை, அது புக்கிங். என்னைக் கேட்டால் டீசரும் வேண்டாம்.

அடுத்து, எந்த எண். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். “சிஎம்டிஏ அப்ரூவ்டு” என்று பெரிதாகப் போட்டுக் கீழே திட்ட அனுமதி எண்ணைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ தருவது கட்டடம் எவ்வளவு உயரம், எத்தனை வீடு, எங்கே வழி என்பதற்கான திட்ட அனுமதி. உள்ளாட்சி தருவது கட்டட அனுமதி. இவை கையில் இருந்தால்தான் ரெராவில் பதிவே நடக்கும். ஆனால் விளம்பரத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று பிரிவு 11 சொல்வது இரண்டைத்தான்: ரெரா பதிவு எண், அந்த ஆணையத்தின் இணைய முகவரி. நம் மாநிலத்துக்கு அது rera.tn.gov.in. முகவரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு முடிந்த திட்டம்தான், ஆனால் எண்ணைப் போடவில்லை என்றால் அது வேறு பிரிவு, 61. அதில் மதிப்பீட்டுச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

எண்ணைச் சான்றிதழில் இருக்கிறபடியே, சாய்கோடு, பூஜ்யம் உட்பட, நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள். TN என்று தொடங்கி, மாவட்ட எண், Building, வரிசை எண், ஆண்டு என்று வரும் அமைப்பைப் பழைய சான்றிதழ்களில் பார்க்கலாம். புதியவற்றில் அமைப்பு மாறியிருந்தால் அதுதான் சரி, நீங்கள் பழைய மாதிரிக்குத் திருத்தப் போகாதீர்கள். ஒட்டியதும் அந்தத் தளத்தில் உங்கள் எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள். அங்கே இருக்கும் திட்டப் பெயரும் நீங்கள் போஸ்டில் போடும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். பதிவில் வேறு ஒரு பெயர் இருக்கும், மார்க்கெட்டிங் ஏஜென்சி கடைசி நேரத்தில் ஒரு அழகான பெயர் வைத்திருக்கும், வாங்க வருபவர் தேடினால் எதுவும் கிடைக்காது. பெயரை மாற்றினால் பதிவிலும் மாற்றுங்கள். இன்னொன்று, கட்டம் கட்டமாகக் கட்டும் திட்டம் என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பதிவு வேண்டும். ஏ பிளாக்கின் எண்ணைப் போட்டு பி பிளாக்கையும் சேர்த்து விற்பது பதிவில்லாமல் விற்பதுதான்.

எண்ணை எழுத்துப் பகுதியில் மட்டும் போட்டால் போதாது, படத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். காரணம் எளிது: உங்கள் போஸ்டை ஒருவர் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் அனுப்பும்போது படம் மட்டும் போகும், கீழே நீங்கள் எழுதியது போகாது. அங்கே அது எண் இல்லாத விளம்பரம். படத்தின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் வேண்டாம், போன் நம்பர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் போடுங்கள். கைபேசியைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். ரீல்ஸ் என்றால் கடைசி ஒரு நொடியில் மின்னி மறையாமல் முழு நேரமும் ஓரத்தில் நிற்கட்டும். புரோக்கர்கள் தங்கள் பெயரையும் எண்ணையும் ஒட்டி மறுபடி வெளியிடுவார்கள். அவர்களுக்கும் முகவர் பதிவு வேண்டும், அது இல்லாத ஆளிடம் படத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, வசதிப் பட்டியலுக்கு வருவோம். இதற்கு நான் வைத்திருப்பது ஒரே வழி. சிஎம்டிஏ ஒப்புதல் அளித்த வரைபடத்தை மேசையில் விரித்து, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதது போஸ்டில் வராது. உங்கள் கட்டடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாததால் அந்தப் பகுதியில் வழக்கமாக வரும் ஒரு அமைப்பை எடுத்துக்கொள்கிறேன்: 15 கிரவுண்டு, அதாவது 36,000 சதுர அடி மனை, தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளமான ஸ்டில்ட்டுக்கு மேல் ஐந்து மாடி, மாடிக்கு 12 வீடு.

நீச்சல்குளம். எங்கே என்று கேட்டால் “மொட்டை மாடியில்” என்பார்கள். வரைபடத்தில் மொட்டை மாடி வெறும் மொட்டை மாடியாக இருந்தால் அந்தக் குளம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது தாளில் ஒரு நீலக் கட்டம் போடுகிற விஷயம் இல்லை. 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று சின்னதாகவே வைத்தாலும் தண்ணீர் மட்டும் 48 டன். தூண்களும் உத்தரங்களும் அதற்குக் கணக்குப் போட்டு வடிவமைக்கப்பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரே பிறகு மறுத்துவிடுவார். அப்புறம் சேர்க்கலாமே என்றால், வரைபடத்தை மாற்ற மறுபடி அனுமதி வேண்டும். அதோடு, வீடுகள் விற்ற பிறகு பொதுப் பகுதியை மாற்ற வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் எழுத்துமூல சம்மதமும் பிரிவு 14-ன்படி வேண்டும். விற்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வது சுலபம், அதனால் முதலாளிக்குக் குளம் உண்மையிலேயே வேண்டும் என்றால் இப்போதே ஆர்க்கிடெக்டிடம் போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஜிம் பெரும்பாலும் ஸ்டில்ட்டில் வரும். வரைபடத்தில் கார் நிறுத்தம் என்று காட்டிய இடத்தைச் சுவர் கட்டி மூடி டிரெட்மில் வைப்பது சென்னையில் பழக்கமாகிவிட்ட தவறு. வேலை முடிந்ததும் சிஎம்டிஏ அதிகாரி வந்து பார்த்தால் நிறைவுச் சான்றிதழ் அங்கேயே நிற்கும். அது இல்லாமல் இந்த அளவுக் கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பு வாங்குவது திண்டாட்டம். 60 குடும்பம் தற்காலிக இணைப்பில் மாட்டிக்கொண்டு அசோசியேஷன் கூட்டத்தில் கத்துவதற்கு ஆரம்பம் இப்படி ஒரு ஜிம்மாக இருக்கலாம். வரைபடத்திலேயே முதல் மாடியில் ஒரு அறை ஜிம் என்று குறிக்கப்பட்டிருந்தால் சந்தோஷமாக எழுதுங்கள், ஆனால் அளவோடு: “முதல் மாடியில் 350 சதுர அடி உடற்பயிற்சி அறை, கருவிகள் விற்பனை ஒப்பந்தத்தின் இணைப்பில் உள்ளபடி.” “வேர்ல்டு கிளாஸ் ஜிம்” என்பதைவிட இது நம்பும்படி இருக்கிறது என்பது என் கருத்து.

தனிப் பூங்காதான் எனக்கு மிகவும் சந்தேகம் தருவது. உங்கள் மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் ஓஎஸ்ஆர் எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு விதி வந்துவிடும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கலாக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதவேண்டும், அல்லது அதற்கு ஈடான வழிகாட்டி மதிப்பைக் கட்டவேண்டும். 10,000-க்கு மேல் என்றால் இடமாகத்தான் தரவேண்டும். 36,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 3,344 சதுர மீட்டர், அதனால் இந்த விதிக்குள் வரும். பணம் கட்டாமல் இடமாகக் கொடுத்திருந்தால் சுமார் 3,600 சதுர அடி இப்போது பொதுப் பூங்கா. வாசலை ஒட்டி இருக்கும், உங்கள் ஆட்கள்தான் புல் போட்டிருப்பார்கள், ஆனால் தெருவில் போகிறவரும் உள்ளே வந்து உட்காரலாம். அதைப் படம் பிடித்து “குடியிருப்போருக்கு மட்டும்” என்று போடுவது பச்சைப் பொய். இந்தப் பொய் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தகவல் உரிமை மனு போட்டால் வெளியே வந்துவிடும். “திட்டத்தை ஒட்டி ஒரு பொதுப் பூங்கா” என்று எழுதுங்கள், வாங்குபவருக்கு அதுவும் நல்ல செய்திதான்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தப்பும் வரும். யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்கைச் சிலர் முழு 36,000-ஐ 60-ஆல் வகுத்து வீட்டுக்கு 600 சதுர அடி என்று போட்டுவிடுவார்கள். தானம் கொடுத்த 3,600 உங்களுடையது இல்லையே. மிச்சம் 32,400, வீட்டுக்குச் சராசரி 540. வீட்டின் அளவைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் எல்லா வீட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினால் 32,400-ஐத் தாண்டக்கூடாது. வாங்க வருகிற சென்னைக்காரர் கேட்கும் முதல் ஐந்து கேள்வியில் யூடிஎஸ் இருக்கும், அதனால் சரியான எண்ணைப் போஸ்டிலேயே போடுங்கள்.

தண்ணீர். “24 மணி நேரம்” என்பது குழாயைத் திறந்தால் வரும் என்ற அளவில் எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும், மாடியில் தொட்டி இருக்கிறதே. கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை. 60 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வழக்கமான அளவில் கணக்குப் போட்டால் நாளுக்கு 32,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட மூன்று லாரி. மே மாதம் போர்வெல் பாதி கொடுத்தாலும் தினம் ஒன்றரை லாரி வாங்கியாகவேண்டும், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் ஏறும். மெட்ரோ வாட்டர் இணைப்பு இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். “2 போர்வெல், மொத்தம் 60,000 லிட்டர் தொட்டி, குழாய்நீர் இணைப்பு இன்னும் இல்லை, கோடையில் லாரித் தண்ணீர் தேவைப்படலாம்” என்பது பயமுறுத்துவது மாதிரி தெரியும், ஆனால் அந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், மறைத்தால்தான் சந்தேகம் வரும். மழைநீர் சேகரிப்பை வசதி என்று விற்காதீர்கள், தமிழ்நாட்டில் அது 2003-லிருந்து கட்டாயம். இருக்கிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகருங்கள்.

“வெள்ளம் வராத இடம்” என்ற வரி பட்டியலில் இல்லை, நல்ல வேளை. யாராவது சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த தென்சென்னையில் அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. சாலை மட்டத்திலிருந்து தரைமட்டம் எத்தனை அடி உயரம் என்பதை மட்டும் சொல்லலாம், அது அளந்து பார்க்கக்கூடியது.

மெட்ரோ 5 நிமிடம் என்பதும் அப்படித்தான். மேடவாக்கம் வழியாகப் போவது மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையிலான இரண்டாம் கட்டத் தடம், நான் இதை எழுதும்போது அது கட்டுமானத்தில் இருக்கிறது. ஓடாத ரயிலுக்கு ஐந்து நிமிடத்தில் எப்படிப் போவது? நிமிடத்தை விடுங்கள், மேடவாக்கம் ஜங்ஷனில் மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடத்தில் சாலையைக் கடந்தாலே பெரிய விஷயம். சாலை வழியாக எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடச் செயலியில் அளந்து, “கட்டுமானத்தில் உள்ள” என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துப் போடுங்கள். பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இதே முறை.

பட்டியலில் ஜெனரேட்டர் இல்லை, ஆனால் கட்டாயம் சேர்ப்பார்கள், “100% பவர் பேக்கப்” என்று. வீட்டுக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். லிஃப்ட், பம்பு, பொது விளக்குக்கு முழுவதும், வீட்டுக்கு 750 வாட் என்றால் விளக்கும் மின்விசிறியும் ஓடும், ஏசி ஓடாது. அதை அப்படியே எழுதினால் போதும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், பிரிவு 12 இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள தகவலையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர், அது பொய் என்று தெரிந்து நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். விலக விரும்பினால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். “படங்கள் விளக்கத்துக்கு மட்டும்” என்று அடியில் ஒரு வரி போட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். கணினியில் வரைந்த படத்தில் காட்டிய சோபாவுக்கும் மரத்துக்கும் அந்த வரி உதவும். குளம் என்று எழுத்தில் சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்டதற்கு உதவும் என்று நான் நம்பமாட்டேன். வழக்கு எப்படிப் போகும் என்பது ஒவ்வொன்றிலும் மாறும், அதை வழக்கறிஞரிடம்தான் கேட்கவேண்டும்.

பரப்பளவும் விலையும். சட்டத்தில் கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர், பால்கனி, ஷாஃப்ட் நீங்கலாக, உள்சுவர்களைச் சேர்த்து வரும் பயன்பாட்டுப் பரப்பு. வீட்டின் அளவாக அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். உதாரணமாக ஒரு 2 பிஎச்கே: கார்பெட் 780, பால்கனி 55, பொதுப் பகுதியில் பங்கெல்லாம் சேர்த்துச் சொல்லும் விற்பனைப் பரப்பு 1,090. சதுர அடி ₹6,900 என்றால் வீடு ₹75.21 லட்சம். அதே விலையைக் கார்பெட்டால் வகுத்தால் சதுர அடி ₹9,642 ஆகும். இந்த இரண்டாவது எண்ணைப் போடவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, ஆனால் 780 என்பது 1,090-க்கு முன்னால் வரட்டும். கட்டுமானத்தில் இருக்கும் இந்த அளவு வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ₹3.76 லட்சம். பதிவுச் செலவும் தனி. “ஆல் இன்குளூசிவ்” என்று போட்டால் இவை எல்லாம் உள்ளே இருந்தாகவேண்டும்.

ஒப்படைக்கும் தேதிக்கு முதலாளியிடம் கேட்காதீர்கள், ரெரா பதிவில் அவரே அறிவித்திருக்கும் முடிவுத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தேதி, போஸ்டில் ஆறு மாதம் முன்னால் ஒரு தேதி என்றால் வாங்கியவர் போஸ்டில் உள்ளதைத்தான் பிடித்துக்கொள்வார்.

இவ்வளவையும் வைத்து எழுதினால் போஸ்ட் ஏறத்தாழ இப்படி வரும், எண்களை உங்கள் கோப்பைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

“மேடவாக்கத்தில் 60 வீடுகள். ஸ்டில்ட் + 5 மாடி. பதிவு முடிந்துவிட்டது, இன்றிலிருந்து புக்கிங். ரெரா பதிவு எண்: (சான்றிதழில் உள்ளபடி). சரிபார்க்க: rera.tn.gov.in. 2 பிஎச்கே, கார்பெட் 780 சதுர அடி, பால்கனி 55, விற்பனைப் பரப்பு 1,090, யூடிஎஸ் 540. விலை ₹75.21 லட்சம், ஜிஎஸ்டி, பதிவுச் செலவு தனி. இருப்பவை: முதல் மாடியில் 350 சதுர அடி உடற்பயிற்சி அறை, மொட்டை மாடியில் உட்காரும் இடம், 2 லிஃப்ட், வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம், பொதுப் பகுதிக்கு முழு ஜெனரேட்டர், வீட்டுக்கு 750 வாட். தண்ணீர்: 2 போர்வெல், 60,000 லிட்டர் தொட்டி, குழாய்நீர் இணைப்பு இன்னும் இல்லை, கோடையில் லாரித் தண்ணீர் தேவைப்படலாம். இல்லாதவை: நீச்சல்குளம், கிளப் ஹவுஸ். அதனால் மெயின்டனன்ஸ் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். மனையை ஒட்டிப் பொதுப் பூங்கா உள்ளது. கட்டுமானத்தில் உள்ள மெட்ரோ நிலையம் சாலை வழி (அளந்த) கி.மீ. ஒப்படைப்பு: ரெராவில் அறிவித்த தேதி. படம் கணினியில் வரைந்தது. ஒப்புதல் வரைபடத்தை அலுவலகத்தில் விரித்துக் காட்டுகிறோம், நேரில் வாருங்கள்.”

“இல்லாதவை” என்ற வரியைப் பார்த்து முதலாளி முகம் சுளிப்பார். நான் பார்த்தவரை அந்த மாதிரி வரி போட்ட விளம்பரங்களுக்கு அழைப்பு கொஞ்சம் குறையலாம், ஆனால் வருகிறவர்கள் சைட்டுக்கு வந்து “குளம் எங்கே” என்று கேட்டுத் திரும்பிப் போவதில்லை. இது என் அனுபவம் மட்டும், எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். அவர் அந்த வரியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் எடுக்கலாம், சட்டத்தில் அது கட்டாயம் இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதுதான் கட்டாயம்.

போஸ்ட் போன பிறகு கமென்ட்டுகளைப் பாருங்கள். “பூல் இருக்கா சார்?” என்று ஒருவர் கேட்பார், சேல்ஸ் பையன் “எஸ் சார், பிளான் பண்றோம், இன்பாக்ஸ் பண்ணுங்க” என்று பதில் போட்டுவிடுவான். கம்பெனிப் பக்கத்திலிருந்து போன அந்தப் பதிலும் ஸ்கிரீன்ஷாட்டாக ஆணையத்தின் முன் வைக்கக்கூடியதுதான். பதில் சொல்லும் உரிமையை ஒரே ஆளிடம் கொடுங்கள், அவர் கையில் அந்த வரைபடத்தின் நகல் இருக்கட்டும். புக்கிங் என்று வருகிறவரிடம் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. இந்த வீட்டுக்கு அது ஏழரை லட்சத்துச் சொச்சம். அதையும் அந்த ஆளிடமே இப்போதே சொல்லிவையுங்கள்.